வந்து சேராதவர்களின் நேரம்

கல்முனை மாநகர எல்லைக்குள், நகருக்குச் சற்று வடக்கே இருக்கிறது மருதமுனை. கைத்தறிக்குப் பெயர்போன ஊர். அங்கே சேலையும் சாரமும் நெய்து விற்கும் ஒரு கடை தனக்கென ஓர் இணையத்தளம் வைத்திருப்பதாக எண்ணிக்கொள்வோம். முகப்பில் ஒரு தலைப்பு, அதன் கீழே பெருநாளுக்கு வந்த புதுச் சேலையின் பெரிய படம், அதற்கும் கீழே விலைப்பட்டியலும் வட்ஸ்அப் பொத்தானும். வாடிக்கையாளர்களில் ஒரு பகுதியினர் சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று கரையோர ஊர்களில் இருப்பவர்கள். மற்றப் பகுதியினர் டோகாவிலும் ரியாத்திலும் வேலை பார்த்துக்கொண்டு ஊரிலுள்ள குடும்பத்துக்கு உடுப்பு எடுத்துக் கொடுப்பவர்கள்.

தளத்தைச் செய்து கொடுத்தவர் அதன் முகவரியைக் கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் சோதனையில் இடுகிறார். அந்த அறிக்கையில் இரண்டு பகுதிகள் உண்டு. மேலே இருப்பது, கடந்த நாட்களில் உண்மையான மனிதர்களுக்குப் பக்கம் எவ்வளவு நேரத்தில் திறந்தது என்ற கணக்கு. கீழே இருப்பது, அந்த நிமிடமே ஒரு கணினி பக்கத்தைத் திறந்து பார்த்து எடுத்த கணக்கு. இரண்டிலும் LCP என்றொரு எண் இருக்கும். திரையில் தெரியும் பகுதியில் மிகப் பெரிய படமோ எழுத்துத் தொகுதியோ தோன்றுவதற்கு ஆன நேரம் அது. 2.5 செக்கனுக்குள் இருந்தால் நன்று, 4 செக்கனைத் தாண்டினால் மோசம் என்பது கூகுள் வகுத்த எல்லை. நம் கடைக்கு மேலே 2.4 என்றும் கீழே 4.6 என்றும் வருகிறது. “மனிதர்களுக்கு 2.4 என்றால் போதுமே, கீழே இருப்பது வெறும் சோதனைதானே” என்று சொல்லி அவர் வேலையை முடித்துவிடலாம். ஆனால் இந்த இரண்டு எண்களும் கரையோரத்தில் இரவு பத்து மணிக்கு அந்தப் பக்கத்தைத் திறப்பவரின் நேரத்தைச் சொல்லவில்லை. ஏன் என்று பார்ப்போம்.

ஆய்வுகூடம் எதைக் கணக்கிடுகிறது

கீழே உள்ள எண்ணைத் தருவது லைட்ஹவுஸ் என்ற கருவி. கைபேசிச் சோதனைக்கு அது சில நிலைமைகளை முன்கூட்டியே நிர்ணயித்து வைத்திருக்கிறது. கைபேசியிலிருந்து ஒரு செய்தி சேவையகம்வரை போய்த் திரும்ப 150 மில்லி செக்கன். இறங்கும் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 1.6 மெகாபிட், அதாவது 200 கிலோபைட். கணினியின் செயலி நான்கு மடங்கு மெதுவாக இயங்குவதாக ஒரு கணக்கு. உண்மையில் இணைப்பை அது மெதுவாக்குவதுகூட இல்லை. பக்கத்தைத் தன் வேகத்தில் திறந்துவிட்டு, எந்தக் கோப்பு எதற்குக் காத்திருந்தது என்று பார்த்து, மெதுவான இணைப்பில் எவ்வளவு ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறது.

நம் கடையின் 4.6 செக்கன் எங்கிருந்து வந்தது என்று கையாலேயே கூட்டிப் பார்க்கலாம். இணைப்பை ஏற்படுத்த ஒரு பயணம், அதைப் பாதுகாப்பாக்க ஒரு பயணம், பக்கத்தைக் கேட்டுப் பெற ஒரு பயணம். மூன்று தடவை 150 என்றால் 450 மில்லி செக்கன். சேவையகம் யோசிக்க இன்னொரு 150 சேர்த்தால் 0.6 செக்கன். பக்கத்தின் அடிப்படைக் கோப்பு 40 கிலோபைட் என்றால் அது இறங்க 0.2 செக்கன். படம் 400 கிலோபைட், அதனுடன் போட்டியிட்டு இறங்கும் நிரல் கோப்புகள் 350 கிலோபைட். இந்த 750 கிலோபைட்டும் இறங்க 3.75 செக்கன். மொத்தம் 4.55. நேரத்தின் பெரும்பகுதியைப் படமும் நிரலும் பங்குபோட்டுக் கொள்கின்றன என்பது உடனே தெரிந்துவிடுகிறது. ஆய்வுகூடச் சோதனையின் பலம் இதுதான். நிலைமைகள் மாறாமல் இருப்பதால், படத்தைச் சிறிதாக்கினால் எண் எவ்வளவு குறைகிறது என்று மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட முடியும்.

ஆனால் அந்த நிலைமைகள் யாருடையவை? தளம் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள ஒரு சேவையகத்தில் இருக்கிறது என்று கொள்வோம். மலிவான வாடகைச் சேவையகங்கள் பலவும் அங்கேதான் இருக்கின்றன. கொழும்பிலிருந்து அது 14,000 கிலோமீற்றருக்கு மேல். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கிலோமீற்றர் போகும். நேர்கோட்டில் கேபிள் இருந்தாலும் போய்வர 140 மில்லி செக்கன் ஆகும். கடலடிக் கேபிள்கள் நேர்கோட்டில் போவதில்லை. அதற்கு மேல் கோபுரத்துக்கும் கைபேசிக்கும் இடையிலான நேரம் சேர வேண்டும். 300 என்று வைத்தால் மிகையில்லை. கல்முனைக் கரையோரம் இலங்கையிலேயே மக்கள் நெருக்கமாக வாழும் பகுதிகளில் ஒன்று. இரவில் ஒரே கோபுரத்தை எல்லோரும் பங்கிட்டுக்கொள்ளும் நேரத்தில் ஒருவருக்குச் செக்கனுக்கு 0.8 மெகாபிட்தான் கிடைக்கிறது என்று கொள்ளுங்கள். அது 100 கிலோபைட். இப்போது பழைய கூட்டலை மறுபடியும் போட்டால், மூன்று பயணங்களுக்கு 0.9 செக்கன், சேவையகத்துக்கு 0.15, மொத்தம் 790 கிலோபைட் இறங்க 7.9 செக்கன். ஏறத்தாழ 9 செக்கன். அதே ஆள் அதே கைபேசியில் காலை பத்து மணிக்குத் திறந்தால் இரண்டு செக்கனில்கூட முடிந்துவிடலாம். ஆய்வுகூடத்துக்குக் காலையும் இல்லை, இரவும் இல்லை.

வேறு சிலவும் அதன் கண்ணில் படுவதில்லை. அது எப்போதும் முதல் முறை வரும் ஆளாகவே வருகிறது. நேற்று வந்து நிரல் கோப்புகளைக் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவரின் வேகமான இரண்டாம் வருகையை அது அறியாது. பக்கத்தைத் திறக்கும், ஆனால் எதையும் தொடாது. நிறம் வாரியாகச் சேலைகளைப் பிரித்துக் காட்டும் பொத்தானை அழுத்தினால் பழைய கைபேசி ஒரு செக்கன் உறைந்து நிற்கிறதா என்பது அதற்குத் தெரிய வழியில்லை. தொட்டதற்கு எவ்வளவு விரைவில் பதில் வந்தது என்பதை அளக்கும் INP என்ற அளவு 2024 மார்ச் முதல் கூகுளின் முதன்மை அளவுகளில் ஒன்று. ஒரு மனிதர் தொட்டால்தான் அந்த எண் பிறக்கும்.

தமிழ்ப் பக்கங்களுக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. சோதனை பாவிக்கும் திரையின் அகலம் 412 புள்ளிகள். மலிவான கைபேசிகள் பலவற்றில் அது 360. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. 412இல் இரண்டு வரியில் அடங்கிய தலைப்பு 360இல் மூன்று வரியாகும். எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கும் வயதானவரின் கைபேசியில் நான்காகவும் ஆகும். சேலைப் படம் கீழே தள்ளப்பட்டு அதன் மேல் விளிம்பு மட்டும் திரையில் தெரியும். LCP கணக்கில் திரையில் தெரியும் பரப்பு மட்டுமே சேரும் என்பதால், அந்தக் கைபேசியில் ‘மிகப் பெரியது’ என்று தலைப்பே பதிவாகிறது. ஆய்வுகூடம் படத்தை அளந்துகொண்டிருக்க, களத்தில் எழுத்து அளக்கப்படுகிறது. இரண்டுக்கும் LCP என்றே பெயர்.

களம் யாரைக் கேட்கிறது

இனி மேலே உள்ள 2.4. இது குரோம் உலாவியைப் பாவிப்பவர்களிடமிருந்து வருகிறது. கூகுள் 2017 முதல் வெளியிட்டுவரும் தரவுத் தொகுப்பு இதன் மூலம். உலாவல் வரலாற்றை ஒத்திசைக்கவும் பாவனைத் தகவலை அனுப்பவும் சம்மதித்தவர்களின் குரோம் மட்டும் இதில் சேரும். ஐபோனில் உள்ள குரோம் சேராது. அண்ட்ராய்டில் ஒரு செயலிக்குள்ளேயே திறக்கும் உட்புற உலாவியும் சேராது. நம் கடைக்குப் பெரிய இடி இந்தக் கடைசி விடயம்தான். புதுச் சேலை வந்ததும் கடைக்காரர் படத்தையும் இணைப்பையும் பேஸ்புக்கில் போடுகிறார். அங்கே இணைப்பைத் தொட்டால் பக்கம் பேஸ்புக்கின் உள்ளேயே திறக்கிறது. அப்படி வருபவர்கள் அந்த 2.4இல் இல்லவே இல்லை.

சேர்ந்தவர்களின் நேரங்களையும் ஒரே எண்ணாகச் சுருக்க வேண்டும். அதற்கு எல்லா வருகைகளையும் வேகமானதிலிருந்து மெதுவானதுவரை வரிசைப்படுத்தி, நூறில் எழுபத்தைந்தாவதாக நிற்பதை எடுக்கிறார்கள். சராசரியைவிட இது நேர்மையான முறை. நான்கில் மூன்று வருகைகள் இந்த நேரத்துக்குள் முடிந்தன என்று பொருள். ஆனால் வரிசையில் யார் யார் கலந்து நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

நூறு வருகைகளில் அறுபது வளைகுடாவிலிருந்து, நல்ல வைஃபை இணைப்பில், எல்லாமே 2 செக்கனுக்குள் என்று வைப்போம். நாற்பது கரையோரத்திலிருந்து. அவற்றில் பதினாறு 2.1க்கும் 2.4க்கும் இடையில், மிச்சம் இருபத்துநான்கும் 2.6இலிருந்து 9 செக்கன்வரை. வரிசையில் எழுபத்தைந்தாவது, கரையோரத்தின் பதினைந்தாவது வருகை. அதன் நேரம் 2.4. அறிக்கை பச்சை நிறம் காட்டும். கரையோரத்தின் நாற்பதை மட்டும் தனியே வரிசைப்படுத்தினால் முப்பதாவது வருகையைப் பார்க்க வேண்டும். அது 4.4 என்றால் அறிக்கை சிவப்பு. டோகாவில் உள்ளவரின் வேகம் நிந்தவூரில் உள்ளவரின் தாமதத்தை மூடி மறைத்துவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை. எண் தன் வேலையைச் சரியாகவே செய்தது.

காலமும் இப்படித்தான் கலக்கிறது. அந்தத் தொகுப்பு எப்போதும் கடைசி 28 நாட்களின் கணக்கு. ஒரு நோன்பு மாதம் 29 அல்லது 30 நாள். நோன்பு தொடங்கியதும் மக்கள் பக்கம் திறக்கும் நேரம் தராவீஹ் தொழுகைக்குப் பின்னரான இரவுக்கு மாறுகிறது. ஆனால் அந்த மாற்றம் முழுமையாக எண்ணில் தெரிய வரும்போது பெருநாளே வந்துவிடும். இருபதாம் நோன்பன்று பக்கத்தைத் திருத்தினால், ஒரு வாரம் கழித்தும் கணக்கில் ஏறத்தாழக் கால்பங்குதான் திருத்திய பக்கத்துக்குரியது. வியாபாரம் உச்சத்தில் இருக்கும் அந்த நாட்களில் 28 நாள் கணக்கை வைத்து முடிவெடுக்க முடியாது.

பாதியில் போனவர்

களத்து அளவீட்டின் ஆழமான குறை வேறொன்று. அது பக்கம் திறந்தவர்களை அளக்கிறது. திறக்கும்வரை காத்திருக்க முடியாமல் போனவரின் நேரம் எங்கும் எழுதப்படுவதில்லை. கரைவலையில் ஏறிய மீனை மட்டும் அளந்து, கண்களுக்குள் நழுவிய சின்ன மீன்கள் கடலில் இல்லையென்று சொல்வது போன்றது அது.

போனவர் சில நேரம் தவறான சுவட்டையும் விட்டுச் செல்கிறார். LCP அளவீடு, பயனர் திரையைத் தொட்ட அல்லது உருட்டிய கணத்தோடு நின்றுவிடும். பக்கத்தை விட்டுப் போனாலும் அப்படியே. இரவு பத்து மணிக்கு நம் பக்கத்தைத் திறந்தவருக்கு 1.6 செக்கனில் தலைப்பு மட்டும் தெரிகிறது. படம் வரக் காணோம். மூன்றாவது செக்கனில் கீழே உருட்டிப் பார்க்கிறார், ஒன்றுமில்லை, மூடிவிடுகிறார். அதுவரை தோன்றியதில் மிகப் பெரியது தலைப்பு. ஆகவே பதிவாவது 1.6. சேலையைப் பார்க்கவே பார்க்காதவர், மிக வேகமான வருகைகளின் கூட்டத்தில் போய்ச் சேர்ந்துவிடுகிறார்.

இந்தக் குறை எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு யூடியூபில் நடந்த ஒரு சம்பவம் உண்டு. அங்கே பொறியியலாளராக இருந்த கிறிஸ் ஸக்காரியாஸ் 2012 டிசம்பரில் அதை எழுதினார். சம்பவம் அதற்குச் சுமார் மூன்று ஆண்டுகள் முந்தியது. அப்போது யூடியூபின் காணொளிப் பக்கம் 1.2 மெகாபைட் எடையுடன் இருந்தது. அதை 100 கிலோபைட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்று தனக்குத் தானே இலக்கு வைத்து, தேவையற்றதை ஒவ்வொன்றாகக் கழற்றி, 98 கிலோபைட்டில் ஒரு பக்கம் செய்தார். ஃபெதர் என்று அதற்குப் பெயர். ஒரு பகுதிப் பயனர்களுக்குத் திறந்து விட்டு, ஒரு வாரத் தரவைப் பார்த்தபோது அவருக்கு அதிர்ச்சி. பக்கம் திறக்கும் சராசரி நேரம் கூடியிருந்தது.

எடையைப் பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைத்த பிறகு நேரம் கூடுவது எப்படி? தரவைப் பிராந்தியவாரியாகப் பிரித்ததும் விடை வந்தது. தென்கிழக்காசியா, தென்னமெரிக்கா, ஆபிரிக்கா, சைபீரியா ஆகிய பகுதிகளிலிருந்து வருகைகள் பெருகியிருந்தன. அங்கே பழைய பக்கம் திறக்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும் என்பதால் மக்கள் அதைப் பாவிக்கவே முடியாமல் இருந்தார்கள். புதிய பக்கம் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேலே திறந்தது. அது அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது, வந்தார்கள். அவர்களின் இரண்டு நிமிடங்கள் கணக்கில் ஏறியதும் சராசரி கூடிவிட்டது. மொத்த எண்ணை மட்டும் பார்த்தவர் அந்த வேலையைத் தோல்வி என்று சொல்லிப் பழைய பக்கத்தையே மீண்டும் வைத்திருப்பார்.

போனவரை எண்ணுவது

கடைக்காரரின் தளத்தில் இப்படிப் போனவர்களைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவிகள் தேவையில்லை. நேரத்தை அளப்பதற்கு முன் ஆட்களை எண்ண வேண்டும். பக்கத்தின் தலையில், வேறு எதுவும் இறங்குவதற்கு முன், தொடங்கியது என்று ஒரு சிறு செய்தியை அனுப்ப வைக்கலாம். படம் முழுதாக வந்ததும் இன்னொன்று.

```html
<script>navigator.sendBeacon('/m', 'start')</script>
<img src="saree.webp"
     onload="navigator.sendBeacon('/m', 'photo')">
```

சேவையகத்தில் இந்த இரண்டையும் மணி வாரியாகவும் வலையமைப்பு வாரியாகவும் எண்ணி, ஒன்றை மற்றதால் வகுக்க வேண்டும். பகலில் நூறு தொடக்கத்துக்குத் தொண்ணூற்றாறு படங்கள் என்றும், இரவு பத்து மணிக்கு எழுபத்தொன்று என்றும் வந்தால், இரவில் ஒவ்வொரு நூறிலும் இருபத்தைந்து பேர் கூடுதலாகப் பாதியில் போகிறார்கள் என்று பொருள். பேஸ்புக்கின் உட்புற உலாவியும் ஐபோனும்கூட இந்த எண்ணிக்கையில் சேரும். இதற்கும் எல்லை உண்டு. அடிப்படைக் கோப்பே வந்து சேராதவர் முதற் செய்தியைக்கூட அனுப்பமாட்டார். அவரைச் சேவையகத்தின் பதிவேட்டில், தேடுபொறிகளின் தானியங்கி வருகைகளைக் கழித்துவிட்டுத் தேடலாம். இணைப்பு ஏற்படுவதற்கு முன்பே கைவிட்டவர் அங்கேயும் இருக்கமாட்டார்.

பாதியில் போகும் நேரமும் இடமும் தெரிந்துவிட்டால், அடுத்து ஆய்வுகூடத்துக்குத் திரும்ப வேண்டும். இம்முறை அதன் வழக்கமான நிலைமைகளை விட்டுவிட்டு, கரையோர இரவின் நிலைமைகளை நாமே கொடுக்கலாம்.

```
lighthouse https://example.com/ \
  --throttling.rttMs=300 \
  --throttling.throughputKbps=800 \
  --throttling.cpuSlowdownMultiplier=6
```

நாம் கையால் கூட்டிய 9 செக்கனுக்கு அருகே ஓர் எண் வரும். அதே இடத்தில் வைத்துத் திருத்தங்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம். தளத்தைச் செய்தவர் படத்தைத் திரையின் அகலத்துக்கு ஏற்பச் சுருக்கி வெப்பி வடிவத்தில் 60 கிலோபைட்டாக்குகிறார். நிரல் கோப்புகளைப் படத்துக்குப் பின்னால் தள்ளுகிறார். இனி படம் தோன்றும்வரை இறங்க வேண்டியது 100 கிலோபைட் மட்டுமே, ஒரு செக்கன். மூன்று பயணங்களும் சேவையகமும் சேர்த்து இன்னொரு 1.05. மொத்தம் 2 செக்கன் அளவில் வந்துவிடுகிறது. மிஞ்சியதில் ஏறத்தாழப் பாதி, தூரம் தின்னும் நேரம். தளத்தைச் சிங்கப்பூரிலோ மும்பையிலோ உள்ள சேவையகத்துக்கு மாற்றிப் பயணத்தை 100 மில்லி செக்கனாக்கினால் அந்த 1.05 செக்கனும் 0.45ஆகக் குறையும். எந்தத் திருத்தம் எவ்வளவு தரும் என்பதை இவ்வளவு தெளிவாகச் சொல்ல ஆய்வுகூடத்தால்தான் முடியும். எந்த இரவை அதற்குள் வைக்க வேண்டும் என்பதைக் களம்தான் சொல்ல வேண்டியிருந்தது.

திருத்திய பக்கத்தை வெளியிட்ட வாரத்தில், இதுவரை வராத ஆட்கள் வரத் தொடங்குவார்கள். வலுவில்லாத கைபேசிகள், கோபுரத்திலிருந்து தள்ளியிருக்கும் வீடுகள். அவர்களுக்குப் பக்கம் ஐந்து செக்கனில் திறக்கலாம், அவர்கள் காத்திருந்து சேலையைப் பார்க்கவும் செய்யலாம். அப்போது பேஜ்ஸ்பீட்டின் 2.4 மெல்ல 2.7 ஆகி, பச்சை நிறம் செம்மஞ்சளாகும். திருத்தம் கெடுதல் செய்துவிட்டது என்று யாராவது சொன்னால், இரவு பத்து மணிக் கணக்கை எடுத்துப் பார்க்க வேண்டும். தொடக்கங்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறதா? நூற்றுக்கு எழுபத்தொன்றாக இருந்த படங்கள் தொண்ணூறைத் தொட்டிருக்கின்றனவா? இரண்டுக்கும் ஆம் என்றால் பக்கம் மெதுவாகிவிடவில்லை. முன்பு எந்தக் கணக்கிலும் இல்லாதவர்களின் நேரம் இப்போது எண்ணப்படுகிறது, அவ்வளவுதான். அந்தத் திருத்தத்தை அப்படியே விட்டுவிட்டு, அவர்களின் ஐந்து செக்கனைக் குறைக்கும் வேலையை அடுத்து எடுத்துக்கொள்ள வேண்டும்.